காலங்காலமாக என்று எழுதிய பத்தி

2024 செப்டம்பரில், கடைமடைப் பாசனம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்து எழுதினேன். முதல் பத்தி இப்படி இருந்தது:

“டெல்டா விவசாயிகள் காலங்காலமாகக் காவிரியை நம்பியே வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறது.”

எங்கள் இதழாசிரியர் ‘காலங்காலமாக’, ‘ஆண்டுதோறும்’, ‘எப்போதும்’ மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டார். “எந்த வருஷம், யாரோட வயல், எத்தனை நாள் தாமதம்? இதுக்குப் பதில் இருந்தா எழுதுங்க” என்றார்.

முதலில் ‘ஆண்டுதோறும்’ என்பதைச் சரிபார்த்தேன். 2022-ல் மே 24, 2023-ல் ஜூன் 12, 2024-ல் ஜூலை 28. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மேட்டூர் திறந்த தேதிகள் இவை. அதற்கு முன்பு 2012 முதல் 2019 வரை, எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் அணை திறக்கவே இல்லை. ஜூன் 12 என்பது வழக்கமான தேதி, அவ்வளவுதான். நான் அதை ஒவ்வொரு வருடமும் நடப்பதாக எழுதியிருந்தேன். பொதுவாக எழுதும் வாக்கியங்களில் எனக்குப் பெரிய பயமே இதுதான். படிக்கும்போது உண்மைபோலவே இருக்கும், அதனால் யாரும் சரிபார்க்கத் தோன்றாது.

அடுத்தது தாமதம். நான் பேசிய விவசாயிகளில் ஒருவருக்கு எட்டு மா நிலம். அந்தப் பக்கம் ஒரு மா என்றால் 33 சென்ட், ஆக இரண்டரை ஏக்கருக்குச் சற்று அதிகம். நிலத்தடி நீர் உப்பு, போர் போட்டும் பயனில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் அவருக்குச் சாகுபடி. அவரை மறுபடி போனில் கூப்பிட்டு, “தண்ணி எப்பங்க ஐயா வந்துச்சு?” என்றேன். “அது லேட்டாத்தான் தம்பி வந்துச்சு” என்றார். இப்படிக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். அப்புறம், “தண்ணி வந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “ராத்திரி மடை திறக்கப் போனேன். டார்ச்சே வேண்டியிருக்கல, பௌர்ணமி. ஆவணி பொறந்து ரெண்டு மூணு நாள் இருக்கும்” என்றார்.

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு ஆவணிப் பௌர்ணமி ஆகஸ்ட் 19, ஆவணி 3. அவர் சொன்ன இரண்டு அடையாளங்களும் ஒரே நாளில் வந்து நின்றன. மேட்டூர் திறந்தது ஜூலை 28, கல்லணை திறந்தது ஜூலை 31. கல்லணைக்கு மூன்று நாளில் வந்த தண்ணீர், அங்கிருந்து இவர் மடைக்கு வர 19 நாள் எடுத்திருக்கிறது. என் பத்தி அணை திறக்கும் தேதியோடு நின்றுவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியோ கல்லணைக்குக் கீழே, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் கிடந்தது. அதற்குப் பிறகு கட்டுரையின் மீதியையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. முறைவைத்துத் தண்ணீர் விடுவது, தூர்வாராத கிளை வாய்க்கால் என்று வேறு ஆட்களிடம் பேசினேன்.

ஆர்வத்தில் அடுத்த வடிவத்தில் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று அதையும் சேர்த்தேன். ஆசிரியர் அடித்துவிட்டார். சரியான எண்கள்தான். ஆனால் அந்த மடையில் நிற்கும் மனிதருக்கும் அவற்றுக்கும் அந்தப் பத்தியில் தொடர்பு இல்லை. கடைசியில் அச்சுக்குப் போனது இது:

“2024 ஜூலை 28-ல் மேட்டூர் திறந்தது. மூன்று நாளில் தண்ணீர் கல்லணையைத் தொட்டது. திருத்துறைப்பூண்டி அருகே எட்டு மா நிலம் வைத்திருப்பவர் மடையைத் திறந்தது ஆகஸ்ட் 19, பௌர்ணமி இரவில்.”

ஒருவரின் ஒரு வருடக் கணக்கு இது. மொத்தக் கடைமடைக்கும் 19 நாள் என்று இதை வைத்து எழுத முடியாது. அதனால் இவர் மடையோடு நிறுத்தினோம்.

இன்னொரு இடத்தில் சறுக்கினேன். முந்தைய சம்பாவில் மாவுக்கு எட்டு மூட்டை கண்டது என்று அவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தேன். இதழ் வந்ததும் அவரே கூப்பிட்டார். “தம்பி, எந்த மூட்டைன்னு போடலையே. நான் சொன்னது அறுபது கிலோ மூட்டை. கொள்முதல் நிலையத்துல நாப்பது கிலோ சிப்பம். படிக்கிறவங்க எதை நினைப்பாங்க?” என்றார். மாவுக்கு 480 கிலோவா, 320 கிலோவா என்ற வித்தியாசம் அது. எட்டு மாவுக்கும் சேர்த்தால் அந்த வித்தியாசம் 1,280 கிலோ நெல். அடுத்த இதழில் திருத்தம் போட்டோம்.