தட்டையாகிப் போன குரல்

ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் சிறிய ஒலிப்பதிவுக்கூடத்திற்கு ஓர் அக்கா, காலமான தம் தந்தையின் குரலைக் கொண்டுவந்தார். பட்டர்வொர்த் மண்டபம் ஒன்றில் நடந்த அறுபதாம் கல்யாணத்தில் அவர் பேசிய 22 நிமிடப் பேச்சு அது. முதலில் கிடைத்த வாட்ஸ்அப் பிரதியில் அலையின் உச்சிகள் மழுங்கியிருந்ததால், அளவு மீறிய ஒலி எந்த மட்டத்தில் வெட்டுப்பட்டது என்பதை மென்பொருளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே பதிவுக் கருவியிலிருந்த மூலக் கோப்பையே கேட்டு வாங்கினேன்.

அதில் உரத்த இடங்களின் உச்சிகள் அனைத்தும் -6 டெசிபலில் ஒரே கோடாகத் தட்டையாகியிருந்தன. மிக்சரின் வலுவான லைன் வெளியீட்டை, மெல்லிய சமிக்ஞைக்கான கருவியின் மைக் உள்ளீட்டில் செருகியிருக்கிறார்கள். எண்களாக மாறுவதற்கு முன்பே முன்பெருக்கியில் ஒலி வெட்டுப்பட்டுவிட்டது. அதனால்தான் மீட்டர் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. இத்தகைய பதிவுகளை நான் மீட்டரைப் பார்த்து எடைபோடுவதில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தட்டையும் எத்தனை சாம்பிள், அதாவது எத்தனை அளவுப் புள்ளிகள், நீள்கிறது என்று எண்ணுகிறேன்.

பேச்சின் தொடக்கத்தில், அவர் வந்தவர்களை நிதானமாக வரவேற்கும்போது, தட்டைகள் ஐந்து முதல் பத்து சாம்பிள் வரையே இருந்தன. இருபுறச் சரிவுகளும் தெளிவாக இருந்ததால் வெட்டுப்பட்ட உச்சிகளை ஊகித்து வரையும் டி-கிளிப் கருவி நடுவிலுள்ள மேட்டை நம்பத்தக்க வகையில் வரைந்தது. மனைவியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் குரல் உயர்ந்தது. தட்டைகள் அறுபது சாம்பிளைத் தாண்டின. ஆண் குரலில் 'ஆ'வுக்கு அதன் அடையாளத்தைத் தரும் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் அதன் ஒரு முழுச் சுற்றே ஏறத்தாழ அறுபத்தொன்பது சாம்பிள்தான். உயிரொலியின் வடிவமே அந்தத் தட்டைக்குள் மறைந்துவிட்டது என்பது இதன் பொருள்.

அங்கும் கருவி ஏதோ ஒரு வளைவை வரைந்து தந்தது, கரகரப்பும் குறைந்தது. ஆனால் தொடக்கத்தில் அவர் மெதுவாகச் சொன்ன, வெட்டுப்படாத 'அம்மா'வையும், பின்னால் திருத்தப்பட்ட 'அம்மா'வையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டபோது, இரண்டாவது குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. நான் முடிவெடுக்க நம்புவது இந்த ஒப்பீட்டைத்தான். சொற்கள் புரிகின்றன என்பது சான்றாகாது: முழுவதுமாக வெட்டப்பட்ட பேச்சிலும் பெரும்பாலான சொற்கள் புரியும் என்பதை ஆய்வாளர்கள் லிக்லைடரும் பொலாக்கும் 1948-லேயே காட்டிவிட்டார்கள். சொல் பிழைத்திருக்கும், பேசியவரின் குரல் பிழைத்திருக்காது.

அந்த உரத்த பகுதியின் மூலத்தையும், பிறகு அதன் திருத்தத்தையும் அக்காவிடம் போட்டுக் காட்டினேன். "கரகரப்பா இருந்தாலும் முதல்ல கேட்டதுதான் அப்பா, தம்பி" என்றார். தொடக்கப் பகுதியை மட்டும் திருத்தி, எஞ்சியதன் ஒலியளவைக் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். பேச்சு முழுவதையும் எழுத்தில் பெயர்த்து, கைபடாத மூலக் கோப்புடன் சேர்த்துக் கொடுத்தேன்.