மூன்றாவது கியூப்

"மேடம், மேற்படிப்புக்கான சிபாரிசுக் கடிதத்தோட டிராஃப்ட் நானே எழுதிட்டேன். நீங்க பார்த்துட்டு சைன் பண்ணினா போதும்." இறுதியாண்டு சிவில் மாணவி நீட்டிய தாளில் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், தலைமைப் பண்பு மிக்கவர் என்று எல்லாம் இருந்தது. பல வருடங்கள் இப்படிப்பட்ட தாள்களில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதே பல்கலைக்கழகத்துக்கு அடுத்த வருடம் இன்னொரு மாணவருக்கும் அதே வரிகள் என் பெயரில் போயிருக்கும். அப்புறம் அதை யார் நம்புவார்கள்?

"இதை வச்சுட்டுப் போம்மா, நானே எழுதுறேன்" என்றேன்.

அவளை நினைத்ததும் ஞாபகம் வந்தது கான்கிரீட் லேப். எம்25 கலவையில் வார்த்த மூன்று கியூப்களை 28ஆம் நாள் உடைத்தபோது வலிமை 27.2, 26.5, 19.6 என்று வந்தது. சராசரி 24.4. ஒவ்வொரு கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அதாவது 20.8க்குக் கீழே போகக் கூடாது. போனால் முடிவே செல்லாது. அவளுடைய குழுவினர் மூன்றாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதிவிடலாம் என்றார்கள். ரெக்கார்டில் 26.9 அழகாக இருந்திருக்கும்.

அவள் உடைந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். கியூபின் எண்ணை நாங்கள் கரணையால் தேய்த்த மேல்முகத்தில்தான் எழுதுவோம். உடைக்கும்போது அந்த முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஏனென்றால் அச்சைத் தொட்ட முகங்கள்தான் சமமானவை, சுமை அவற்றின் மேல்தான் விழ வேண்டும். மூன்றாவது கியூபில் எண் நசுங்கிக் கிடந்தது, இயந்திரத் தகட்டுக்கு நேர் கீழே இருந்திருக்கிறது. "இதனாலயும் இருக்கலாம் மேடம், உறுதியாச் சொல்ல முடியாது" என்று சொல்லி மறுபடி மூன்று கியூப் வார்த்து, இன்னொரு 28 நாள் காத்திருந்தாள்.

கடிதத்தின் பாதியை இதற்கே கொடுத்தேன். "இருக்கலாம்" என்று அவள் நிறுத்திக்கொண்டதையும் எழுதினேன். ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறவருக்கு அது மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லும். இரண்டாம் செமஸ்டர் கணித அரியரை மறைக்கவில்லை, மார்க் பட்டியலில் எப்படியும் தெரியும். அடுத்த முறையே எழுதித் தேறினாள், அதற்குப் பிறகு அரியர் இல்லை என்று ஒரு வரி.

சிரமம் ஆன்லைன் படிவத்தில்தான். நீங்கள் கற்பித்த மாணவர்களில் ஒவ்வொரு திறனிலும் இவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று கேட்டது. அறுபது பேர் வகுப்பில் 5 சதவீதம் என்றால் மூன்றே பேர். ஆய்வக வேலையில் அந்த மூவரில் அவள் ஒருத்தி, அங்கே 5. எழுத்தில் இன்னும் தடுமாறுகிறாள், அங்கே 25. கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் எல்லாவற்றிலும் 5 போட்டிருந்தால் கியூப் கதையும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை அவள் ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தாள். பழைய லேப் ரெக்கார்டை எடுத்து மூன்று எண்களையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.