ஐந்து நிமிடப் பேச்சுக்கு 40 பெட்டி சோடா

சப்ளை செயின் பாடத்தில் புல்விப் எஃபெக்ட் பற்றிய ஓர் அத்தியாயத்தைச் சுருக்கி ஐந்து நிமிடம் பேச வேண்டும். கூட்டாளி ஒருவன் சுருக்கிய இரண்டு பக்கம் கையில் இருந்ததால் அதையே பேச்சாக நீட்டி எழுதி, தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் போனில் நேரம் வைத்துப் படித்தேன். 850 வார்த்தை, ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது. அப்படியானால் எனக்கு 460 வார்த்தைதான் இடம்.

வெட்ட உட்கார்ந்தபோதுதான் சுருக்கத்திலேயே கோளாறு என்று தெரிந்தது. 'தேவை ஏறி இறங்குவதே புல்விப் எஃபெக்ட்' என்று இருந்தது. மூல அத்தியாயம் சொல்வது கிட்டத்தட்ட நேர்மாறு: கடையில் விற்பனை பெரிதாக அசையாது, கடையிலிருந்து டீலருக்கும் அங்கிருந்து கம்பெனிக்கும் மேலே போகும் ஆர்டர்தான் எகிறும். பி அண்ட் ஜி கம்பெனி இதைக் கவனித்தது பாம்பர்ஸில். குழந்தைகள் டயப்பரை ஒரே சீராகத்தான் நனைக்கின்றன, ஆர்டர் மட்டும் தாறுமாறு.

அதனால் வரையறைகளை எல்லாம் தூக்கிவிட்டு ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டேன். கடையில் வாரம் 40 பெட்டி சோடா விற்கும், எல்லாரும் ஒரு வார விற்பனையைக் கையிருப்பாக வைத்திருப்பார்கள். ஒரு வாரம் வெயில், 50 விற்றது. இனி இதுதான் நிலவரம் என்று நம்பும் கடைக்காரர் விற்ற 50-க்கும், கையிருப்பை 40-லிருந்து 50 ஆக்க இன்னொரு 10-க்கும் சேர்த்து 60 கேட்பார். அதே கணக்கில் டீலர் 80 கேட்பார், கம்பெனி 120 தயாரிக்கும். அடுத்த வாரம் விற்பனை பழையபடி 40. கடைக்காரர் 30 கேட்பார், டீலர் ஒன்றுமே கேட்க மாட்டார்.

இந்த எகிறலுக்கு அத்தியாயத்தில் காரணங்கள் நான்கு இருந்தன, ஒன்றை மட்டும் வைத்தேன், அதுவும் பழைய வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவால். படித்துக் காட்டியதும் சிரித்தார். "சரக்கு தட்டுப்பாடுன்னா எனக்குப் பத்து வேணும்னா இருபது சொல்லுவேன்டா, அவன் பாதிதானே அனுப்புவான்." புத்தகம் அரைப் பக்கத்துக்குச் சொன்னது இதைத்தான். டீலருக்கு அந்த இருபதில் எது நிஜம் என்று தெரியாது. கடையில் உண்மையில் விற்றதை டீலரும் கம்பெனியும் நேரடியாகப் பார்க்க முடிந்தால் இந்த எகிறல் குறையும், ஆனால் சரக்கு வர நாளாவதால் முழுதாகப் போகாது என்று முடித்தேன்.

வகுப்பில் 4 நிமிடம் 50 விநாடி. அப்புறம் வந்த முதல் கேள்வியே, "பத்துதானே கூட வித்துச்சு, ஏன் 60?" என்பதுதான். கையிருப்புக்கான அந்தப் பத்தைச் சொல்லும் வரியை, இருபது விநாடி மிச்சமாகட்டும் என்று முந்தின ராத்திரி நானே அடித்திருந்தேன்.