பனங்காட்டில் மூன்று நிமிடம்: காற்றிரைச்சலும் கைச்சத்தமும் இல்லாமல் ஒரு செய்முறைத் தேர்வு

ஒலிப்பதிவு டிப்ளமோவில் எங்களுக்கு ஒரு வெளிப்புறப் பதிவுத் தேர்வு இருந்தது. கையடக்க ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய், நாமே தேர்ந்தெடுத்த ஓர் இடத்தின் ஒலியை மூன்று நிமிடம் வெட்டில்லாமல் பதிய வேண்டும். முன்னும் பின்னும் வெட்டுவதைத் தவிர எந்தத் திருத்தமும் செய்யாத கோப்பாகவே கொடுக்க வேண்டும். அதன் பிறகு வைவா.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பனங்காட்டை எடுத்துக்கொண்டேன். ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து நிற்காமல் வீசும் காலம். அந்தக் காற்றில் காய்ந்த பனையோலைகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சலசலப்புதான் எனக்கு வேண்டியது. காற்று இல்லையென்றால் அந்தச் சத்தமே இல்லை. அதே காற்று மைக்கில் பட்டாலோ பதிவு பாழ். இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முதலில் இதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஓலையில் எழுவது உண்மையான ஒலி; காதுக்கும் மைக்குக்கும் அது ஒன்றுபோலவே வந்து சேரும். மைக்கில் கேட்கும் ‘புப்... புப்... கர்ர்’ என்பது அப்படி எங்கிருந்தோ வந்து சேரும் ஒலி இல்லை. மைக்கின் மேல் மோதிச் சுழலும் காற்று, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை அழுத்தி அழுத்தி விடுகிறது. அது அந்த இடத்திலேயே, மைக்கிலேயே பிறக்கும் சத்தம்.

முதல் நாள் எடுத்த இரண்டு பதிவுகளும் வீணாயின. ரெக்கார்டரைக் கையில் பிடித்தபடி, அதனுடன் வந்த ஃபோம் கவரை மட்டும் மாட்டி, லெவலை ஆட்டோவில் விட்டிருந்தேன். அறைக்கு வந்து ஹெட்போனில் கேட்டால், ஓலைச் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு வீச்சிலும் அடித்தொனியில் ஓர் இடி. ஆட்டோ லெவல் அந்த இடிக்குப் பயந்து மொத்த ஒலியையும் கீழே இறக்கி, காற்று தணிந்ததும் மெல்ல மேலே தூக்கியிருந்தது. நடுநடுவே ‘டொக்’, ‘கிரிச்’ என்று வேறு சில சத்தங்கள்.

அந்தக் கெட்ட பதிவை அழித்துவிடாமல் உட்கார்ந்து ஆராய்ந்ததுதான் எனக்கு மிகவும் உதவியது. எது காற்று, எது கை என்று பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. ஸ்டீரியோ பதிவில் இடது, வலது அலைவடிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றுச் சுழிகள் சிறியவை என்பதால் இரண்டு மைக்கிலும் வெவ்வேறு விதமாக மோதும். இடதில் ஒரு புடைப்பு இருக்கும்போது வலதில் அது வேறு வடிவத்தில் இருக்கும், அல்லது இருக்காது. ஹெட்போனில் அது தலைக்கு இரு பக்கமும் மாறி மாறி உருளும். கைச்சத்தம் அப்படியல்ல. அது ரெக்கார்டரின் உடல் வழியாக வருவதால் இரண்டு பக்கமும் ஒரே கணத்தில், குறுகிய குத்தலாக விழும். நேரம் கிடையாகவும் அதிர்வெண் மேல்நோக்கியும் போகும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்திலும் இந்த வேறுபாடு தெரியும். காற்று, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே புகைபோல் அடியில் திரண்டிருக்கும். விரல் நகர்ந்தது மெல்லிய செங்குத்துக் கோடாக மேல்வரை போகும். என் பதிவில் ‘கிரிச்’ கட்டைவிரல் நகர்ந்த சத்தம். ‘டொக் டொக்’ என்று சீராக வந்தது, காற்றில் ஆடி ரெக்கார்டரில் மோதிய மணிக்கட்டுப் பட்டை.

சரி, இதற்கு என்ன செய்வது? முதலில் கவர். ஃபோம் கவர் வாய்க்காற்றைத் தடுக்கப் போதும், பருவக்காற்றுக்குப் போதாது. நீண்ட மயிருள்ள ஃபர் கவர் வேண்டும். அந்த மயிர்கள் காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சி, சுழி பிறக்கும் இடத்தை மைக்கிலிருந்து வெளியே தள்ளுகின்றன. ஃபருக்கும் மைக்குக்கும் நடுவே அசையாத காற்று கொஞ்சம் இருந்தால்தான் முழுப் பலன். அதனால் ஃபோமை முதலில் மாட்டி, அதன் மேல் தளர்வாக ஃபரை மாட்டினேன். கடையில் வாங்க முடியாமல், பொம்மை தைக்கும் செயற்கை ஃபர் துணியில் தைத்துக்கொண்டேன். இப்படித் தைப்பவர்கள் துணியின் பின்புறத்தைக் கவனியுங்கள். வாயில் வைத்து மூச்சு விட்டால் காற்று எளிதாகப் போக வேண்டும். நெருக்கமாக நெய்த, பசை பூசிய பின்புறம் என்றால் கீச்சு ஒலிகளை விழுங்கிவிடும். சாவிக்கொத்தை ஒரு மீட்டர் தொலைவில் ஆட்டி, கவர் மாட்டியும் மாட்டாமலும் பதிந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். என் முதல் துணியில் சாவியின் கிணுகிணுப்பு மங்கிவிட்டது. வேறு துணி வாங்கித் திரும்பத் தைத்தேன். ஓலையின் உயிரே அந்த மேல் ஒலிகளில்தான் இருக்கிறது. அதை இழந்தால் மழைச் சத்தம்போல் ஆகிவிடும்.

ஆனால் கவர் பாதி வேலைதான் செய்தது. மீதி வேலை, ரெக்கார்டரை வைக்கும் இடத்தில் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

இரண்டாம் நாள் நான் ஒரு பனைமரத்தின் பின்னால் ரெக்கார்டரை வைத்திருந்தேன். மரம் காற்றை மறைக்கும் என்ற எண்ணம். ஹெட்போனில் ‘புப் புப்’ இன்னும் மோசமாகக் கேட்டது. ஒல்லியான மரத்தின் இருபுறமும் பிளந்து வரும் காற்று, அதன் முதுகுப் பக்கத்தில்தான் அதிகமாகச் சுழல்கிறது. நான் இடம் மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்த அவர், “மக்களே, வரப்புக்குக் கீழ வந்து இரி, அங்கதான் காத்து இல்ல” என்றார். சொல்லிவிட்டு அந்த வரப்பின் கிழக்குப் பக்கம் குந்தி, ஒரே தீக்குச்சியில் பீடியைப் பற்ற வைத்தார். நான் நின்ற இடத்தில் அந்தக் குச்சி ஒரு நொடிகூட நின்றிருக்காது.

அந்தத் தீக்குச்சிதான் அதன் பிறகு என் அளவுகோல். நிலத்தை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. முழங்கால் உயரத்தில் வீசுவதைவிடத் தலை உயரத்தில் வீசுவது அதிகம். நீளமான வரப்போ சுவரோ இருந்தால், அதன் மறைவில் நிலத்தோடு ஒட்டி ஒரு அமைதியான பகுதி கிடைக்கிறது. ஓலைகளோ மேலே, முழுக்காற்றில். அவை முழு வேகத்தில் சலசலக்கட்டும். மைக் கீழே காற்றில்லாத இடத்தில் இருந்து அதைக் கேட்கட்டும். காய்ந்த புல் உள்ள இடத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். நாக்கில் நனைத்த விரலை மைக் இருக்கப்போகும் உயரத்தில் நீட்டினாலும் தெரியும். எந்தப் பக்கமும் சில்லென்று படவில்லை என்றால் அதுதான் இடம்.

இனி கைச்சத்தம். இதில் என் கருத்து உறுதியானது: மூன்று நிமிடப் பதிவுக்கு ரெக்கார்டரைக் கையில் பிடிக்கவே கூடாது. எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் தசை நடுங்கும், தோல் நகரும். ரெக்கார்டரின் அடியில் இருக்கும் திருகுத்துளையில் சிறிய டிரைபாடை மாட்டி, நான்காக மடித்த துண்டின் மேல் வைத்தேன். நிலத்தின் அதிர்வை, குறிப்பாக என் காலடியை, துண்டு ஓரளவு தடுக்கும். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினேன். சுற்றிலும் ஒரு முழ அளவுக்குப் புல்லைப் பிடுங்கினேன். ஃபரில் புல் உரசினால் அதுவும் மைக்கில் விழும். நடந்துகொண்டே பதிய வேண்டிய வேலை என்றால், ரப்பர் வளையங்களில் ரெக்கார்டர் தொங்கும் அதிர்வுதாங்கிக் கைப்பிடி வேண்டும். அது வேறு வேலை.

பலரும் மறப்பது ஹெட்போன் வயர். அது காற்றில் துடித்தால் அந்தத் துடிப்பு நேராக ரெக்கார்டரின் உடலுக்குப் போகிறது. வயரை டிரைபாட் காலில் ஒரு சுற்று சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். ஒரு நிமிடம் சோதனையாகப் பதிந்து கேட்டேன். திருப்தியானதும் ஹெட்போனைக் கழற்றி, பதிவுப் பொத்தானை அழுத்தி, பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டைப் போட்டு, பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். பொத்தான் சத்தமும் காலடியும் தொடக்கத்தில் விழும். எங்கள் தேர்வில் முன்னும் பின்னும் வெட்ட மட்டும் அனுமதி இருந்ததால் ஐந்து நிமிடம் ஓடவிட்டேன்.

லெவலைக் கையால் வைத்தேன். 24 பிட்டில் பதிவதால் அவசரப்பட்டு உயர்த்தத் தேவையில்லை. பெரிய வீச்சில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி விட்டேன். அடித்தொனியை வெட்டும் வடிகட்டியான ‘லோ கட்’டை 80 ஹெர்ட்ஸில் போட்டேன்.

வைவாவில் சார் பிடித்துக்கொண்டது இந்த லோ கட்டைத்தான். “அதைப் போட்டால் போதுமே, வரப்புக்குக் கீழே ஏன் போனாய்?” என்று கேட்டார். முதல் நாள் பதிவை வைத்தே பதில் சொன்னேன். அந்தப் பதிவிலும் லோ கட் போட்டுத்தான் இருந்தது. பெரும்பாலான சிறிய ரெக்கார்டர்களில் லோ கட் வேலை செய்வது, மைக்கும் அதன் முதல் பெருக்கியும் ஒலியை வாங்கிய பிறகு. காற்று அங்கேயே எல்லை மீறி அலையின் உச்சியைத் தட்டையாக்கிவிட்டால், அந்த உடைசல் மேல் ஒலிகளிலும் கரகரப்பாகப் பரவிவிடும். அடித்தொனியை வெட்டினால் அந்தக் கரகரப்பு போகாது. மிச்சமிருக்கும் லேசான உறுமலைத் துடைக்கத்தான் லோ கட். அடுத்து, “கடல் அலையைப் பதிந்தாலும் இதையே போடுவாயா?” என்றார். மாட்டேன் என்றேன். ஓலைச் சலசலப்பில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இழக்க ஒன்றும் இல்லை. அலை விழும் அதிர்வும் இடியும் அந்த அடித்தொனி வரை இறங்குகின்றன. அவற்றுக்கு லோ கட்டை எடுத்துவிட்டு, கவரையும் மறைவையும் மட்டும் நம்ப வேண்டும்.

பிறகு கோப்பைப் போட்டுக் கேட்டார்கள். ஓலைகள், தூரத்தில் காற்றாலை இறக்கைகள் சுற்றும் ‘வூம் வூம்’, இரண்டாவது நிமிடத்தில் ஒரு ஆட்டின் குரல். நாற்பது நொடி கழிந்து ஓர் இடத்தில் மட்டும் இடது பக்கம் லேசான ‘புப்’. சார் பென்சிலால் நேரத்தைக் குறித்து, அது என்ன என்றார். வரப்பின் மேல் விளிம்பைத் தாண்டி ஒரு சுழி இறங்கியிருக்கிறது. வலதில் இல்லை, அதனால் கை இல்லை என்றேன். ரெக்கார்டரை வரப்போடு இன்னும் ஒரு சாண் ஒட்டி வைத்திருக்கலாம் என்றார்.