ஆறு வாரம் மாத்திரை போட்டேன், டீயும் குடித்தேன், ரத்தம் ஏறவில்லை

ஜூன் மாதம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.2. என் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறார்கள். இரும்பு மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள், காலை ஒன்று, இரவு ஒன்று, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆறு வாரமும் ஒரு நாள் தவறாமல் போட்டேன். மறுபடி பார்த்தபோது 8.5. ஆறு வாரத்துக்கு 0.3! மாத்திரைமேல் கோபம் வந்தது, அப்புறம் என்மேல் வந்தது, மருந்துக்கடையில் இருந்த தம்பிமேல் வந்த கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஏனென்றால் அந்தத் தம்பியிடம் எப்போது போட வேண்டும் என்று கேட்டேன். சாப்பிட்டதும் போடுங்கள், வயிறு எரிந்தால் ஒரு டம்ளர் பாலோடு போடுங்கள் என்றான். நானும் பாலில்லாமல் என்ன செய்வது என்று, எப்போதும் குடிக்கிற பால் டீயோடு போட்டேன். ரங்கூனில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காலையில் வீட்டில் ஒரு கோப்பை, அனோரதா சாலைப் பக்கம் கடைக்குப் போனதும் பையன் கொண்டுவருவது ஒரு கோப்பை, மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூட வேலை பார்க்கிறவர்களோடு ஒரு தட்டு ஊறவைத்த தேயிலை லபெத், மேசையில் எப்போதும் இருக்கிற பச்சைத் தேயிலைத் தண்ணீர் எத்தனை கோப்பை என்று யார் எண்ணினார்கள். தேயிலையைக் குடித்து, மென்று தின்று, அதற்குமேல் இரும்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா, எங்கள் சயாமாதான் (அவர் சின்ன கிளினிக்கில் மாலையில் உட்காருகிறவர்) முதல் கேள்வியாக எத்தனை மாத்திரை என்று கேட்காமல் எத்தனை டீ என்று கேட்டார். தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், பிடித்தது ரத்தத்துக்குள் போகாமல் அப்படியே வெளியே போய்விடும் என்றார். பாலில் இருக்கிற சுண்ணாம்புச்சத்தும் இரும்பு சேர்வதைத் தடுக்கும். லபெத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, இலையை ஊறவைத்தால் தேயிலை இல்லை என்றாகிவிடுமா என்றார். காபியும் அப்படித்தான். நெஞ்சு எரிச்சலுக்கு நான் மென்றுகொண்டிருந்த கேஸ் மாத்திரையும் அதே வேலையைச் செய்யுமாம். இரும்பு மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று கேஸ் மாத்திரை, கேஸ் மாத்திரையால் இரும்பு சேராது, சேராத இரும்பு வயிற்றிலேயே கிடக்கும். நல்ல சுற்று.

அவர் மாற்றியது மூன்று. இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி, அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். குறைத்தால் எப்படி ஏறும் என்று நான் வாதாடினேன். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம், ஒரு தடவை அது உள்ளே போனதும் கல்லீரல் போதும் என்று ஒரு சுரப்பை அனுப்பிக் குடலின் கதவைச் சாத்திவிடும், கதவு திறக்க ஒரு நாள் ஆகும், சாத்திய கதவின்மேல் இரண்டாவது மாத்திரையை எறிந்தால் அது மலச்சிக்கலாகத்தான் மிஞ்சும் என்றார். இது எனக்குச் சொன்னது. ரத்தம் ரொம்பக் குறைந்தவர்கள், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு நீங்களாகக் குறைக்காதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது மாற்றம் நேரம். மாத்திரைக்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் இரண்டு மணி நேரமும் டீ, காபி, பால், கேஸ் மாத்திரை எதுவும் கூடாது. முதலில் பத்தரை மணிக்கு, வேலைக்கு நடுவில் போட்டுப் பார்த்தேன். உருப்படவில்லை. பத்தே முக்காலுக்கு டீக்கடைப் பையன் தட்டோடு வந்து நிற்கிறான், வேண்டாம் என்றால் என்னக்கா உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்கிறார்கள், நாலாவது நாள் கை தானாகக் கோப்பையை எடுத்துவிட்டது. அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றினேன், வெறும் வயிற்றில்.

எங்கள் அத்தை ஐந்தரைக்கு டீ போடுவார். தாமுவேயில் எங்கள் வீடு இரண்டே அறை, இஞ்சி தட்டுகிற சத்தம் தலைமாட்டில் கேட்கும், வாசனை கொசுவலைக்குள் வந்துவிடும். முதல் நாள் கோப்பையை நீட்டினார். ஏழு மணிக்குக் குடிக்கிறேன் அத்தை, இப்போதுதான் மாத்திரை போட்டேன் என்றேன்.

"போட்டா என்னம்மா, ரெண்டும் வயித்துக்குள்ள போய் சண்டையா போடப் போகுது?"

"சண்டைதான் போடுது அத்தை. ஆறு வாரமா டீ ஜெயிச்சிருக்கு."

அன்றைக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது எனக்கு மட்டும் கோப்பையை மூடி வைத்து ஏழு மணிக்குச் சூடு பண்ணித் தருகிறார்.

மூன்றாவது, மாத்திரையோடு புளிப்பு. வைட்டமின் சி இரும்பைக் கரைத்து உள்ளே அனுப்ப உதவும். எலுமிச்சம்பழம் அரை மூடி, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. முந்தைய இரவே பிழிந்து வைக்கலாம் என்று பார்த்தேன், மின்சாரம் போய்ப்போய் வருகிற வீட்டில் குளிர்பெட்டியை நம்பி எதையும் வைக்க முடியாது, அதோடு பிழிந்து வைத்தால் சத்தும் குறைந்துகொண்டே போகும், அதனால் எழுந்ததும் பிழிவதுதான். கொய்யா காலத்தில் இரண்டு துண்டு கொய்யா, நம் மாலக்காப் பழம், எலுமிச்சையைவிட அதில் சத்து அதிகம், வயிற்றுக்கும் எரிச்சல் குறைவு. ஆனால் இந்த எலுமிச்சை விஷயத்தை நம் ஆட்கள் மந்திரம் மாதிரி பேசுகிறார்கள். சயாமா தெளிவாகச் சொன்னார், மாத்திரையில் இரும்பு நிறைய இருக்கிறது, எலுமிச்சை இல்லாவிட்டாலும் சேரும், டீயை விட்டால்தான் சேரும். புளிப்பு அதிகம் உதவுவது சாப்பாட்டில். முருங்கைக்கீரையில் இருக்கிற இரும்பு தனியாக உள்ளே போகச் சோம்பல் படும், கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் போகும். மீனோ கறியோ கூட இருந்தாலும் போகும். நான் சின்பவுங், அதாவது புளிச்சகீரை, வாரம் மூன்று நாள் மீனோடு வதக்குகிறேன்.

இனி, யாரும் வெளியே சொல்லாத பகுதி.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளே மலம் கறுத்துவிட்டது. கரி மாதிரி. இது பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியம்மாவிடம் சொன்னேன், அவர் கையை மார்பில் வைத்துக்கொண்டு, உன் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது, குடலில் புண் என்று அழத் தொடங்கிவிட்டார். பயந்துபோய் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து மாதிரி கொண்டுவாருங்கள் என்றார்கள். அதற்குள் மலச்சிக்கல் வந்துவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், டப்பா குளியலறை மாடத்தில் காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் கொண்டுபோனேன். வாங்கிய பெண், இரும்பு மாத்திரை போடுகிறீர்களா, அப்படியென்றால் கறுப்பாகத்தான் இருக்கும் என்றாள். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். ரத்தம் இல்லை என்று முடிவு வந்தது. அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

சேராமல் தங்குகிற இரும்புதான் அந்தக் கறுப்பு. கரும்பச்சையும் கறுப்புமாக, வழக்கமான உருவத்தில், வழக்கமான நாற்றத்தில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் பழைய நிறம் வந்துவிடும். பெரியப்பாவுக்கு வந்தது வேறு. அது தார் மாதிரி பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், வீடே தாங்காத நாற்றமாக இருந்தது என்று பெரியம்மாவே பிறகு சொன்னார். அப்படி இருந்தாலோ, சிவப்பாக ரத்தம் தெரிந்தாலோ, கூடவே தலைசுற்றலோ வயிற்றுவலியோ இருந்தாலோ, மாத்திரைதான் காரணம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மலச்சிக்கலுக்கு முதலில் இசப்கோல் வாங்கினேன், இரண்டு கரண்டியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி விழுங்கினேன், அது உள்ளே போய் இன்னும் அடைத்துக்கொண்டது. தவறு என்னுடையதுதான். ஒரு கரண்டிக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், அதைக் குடித்ததும் இன்னொரு டம்ளர், அப்படிக் குடித்தால்தான் அது ஊறி வேலை செய்யும். இரவில் குடிக்கிறேன், காலை மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. சாயங்காலம் ஒரு கீற்றுப் பப்பாளி. இவ்வளவும் செய்தும் முக்கிக்கொண்டு உட்கார்ந்த ஒரு வாரத்துக்கு லாக்டுலோஸ் சிரப் எழுதிக்கொடுத்தார், அது உடனே வேலை செய்யாது, எனக்கு இரண்டாம் நாள்தான் வழி விட்டது. குடித்த ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று மேலும் மேலும் குடித்துவிடாதீர்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், இவை எல்லாவற்றையும்விட உதவியது மாத்திரையைக் குறைத்ததுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆனதும் பத்து நாளில் வயிறு பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டது.

வெறும் வயிற்றில் போட்டால் எனக்கு முதல் வாரம் குமட்டியது. ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் போட்டேன், சேர்வது கொஞ்சம் குறையும்தான், மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு அது மேல் என்றார் சயாமா. இன்னொன்று, மாத்திரை டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள். என் தங்கை மகன் மிட்டாய் என்று கையில் எடுத்துவிட்டான். சின்னப் பிள்ளைகள் இதைச் சில மாத்திரை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

நாலு வாரம் கழித்து, ஆகஸ்ட் நடுவில் 10.1. தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தேன், பெயர் என்னுடையதுதானா என்று. அக்டோபரில் 12.2. நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்குக் கூடாது என்றார், ரத்தத்தில் ஏறியாயிற்று, உள்ளே இருக்கிற கையிருப்பு இன்னும் காலி, அது நிறைய இன்னும் மூன்று மாதம். ரத்தம் ஏன் குறைந்தது என்பதற்கும் ஸ்கேன் எடுத்தாயிற்று, மாதவிலக்கு அதிகமாகப் போனதற்குக் கருப்பையில் ஒரு சின்னக் கட்டி காரணம், அதற்குத் தனி வைத்தியம் நடக்கிறது. அதைப் பார்க்காமல் இரும்பை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர்.

நாளைக்கு மாத்திரை இல்லாத நாள். ஐந்தரைக்கு இஞ்சி தட்டும்போது எனக்கும் சேர்த்துத் தட்டச் சொல்லியிருக்கிறேன்.