'சூப்பர் ஒர்க் தம்பி'யை வைத்து விலை ஏற்ற முடியாது: ஒரு டெஸ்டிமோனியல் வாங்கிய அனுபவம்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வெப்சைட் வேலை செய்கிறேன். ஆன்லைன் கடைகள்தான் அதிகம். விலையைக் கூட்டிக் கேட்கும்போதெல்லாம் "இதுக்கு முன்னாடி யாருக்குச் செஞ்சிருக்கீங்க, என்ன பலன் கிடைச்சுது?" என்று கேட்கிறார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. என் பெரிய வேலைகள் எல்லாமே சென்னை ஏஜென்சி ஒன்றின் வழியாக வந்தவை. என் வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதித் தரும்படி அவர்களிடம் கேட்டேன். "பாலிசி இடம் கொடுக்காது" என்றார்கள். கிளையன்ட் பெயரை மறைத்து எழுதட்டுமா என்றேன். அதற்கும் முடியாது, ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு இருக்கிறதாம். அத்தனை வருட வேலையும் அந்த ஒரு வரியில் முடங்கிக் கிடக்கிறது. இன்னும் ஆறவில்லை.

நேரடியாக எனக்குக் கிடைத்த கிளையன்ட்களில் ஒருவர், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் விற்கும் அண்ணாச்சி. அவர் கடையின் பிரச்சினை இதுதான். வாடிக்கையாளர் யுபிஐ ஆப்பில் பணம் கட்டிவிட்டு, கடைப் பக்கத்துக்குத் திரும்பி வராமல் அப்படியே மூடிவிடுவார். பணம் வந்த செய்தி அந்தத் திரும்பி வரும் பக்கம் வழியாகத்தான் கடைக்குத் தெரியும்படி அமைத்திருந்தார்கள். பேமென்ட் கேட்வே சர்வரிலிருந்து நேராகச் சொல்லும் வெப்ஹூக் போடவே இல்லை. கடையை ஓட்டும் வூகாமர்ஸ் மென்பொருள் ஒரு மணி நேரம் பார்க்கும், பணம் வரவில்லை என்று நினைத்து ஆர்டரை ரத்து செய்துவிடும். பணம் போய்விட்டது, அப்பளம் வரவில்லை. நான் வெப்ஹூக் போட்டேன், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். வேலை சட்டென்று முடிந்துவிட்டது.

அதைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு வாட்ஸப்பில் வந்தது: "சூப்பர் ஒர்க் தம்பி. வாழ்க வளமுடன்." மனதார அனுப்பியதுதான். ஆனால் அதை எந்தக் கடைக்காரரிடம் காட்டினாலும் ஒன்றும் ஆகாது. என்ன கஷ்டம் இருந்தது, எது மாறியது என்று அதில் இல்லையே.

சரி, எது எவ்வளவு மாறியது என்ற கணக்கை முதலில் எடுத்து, நானே ஒரு கேஸ் ஸ்டடியாக எழுதுவோம் என்று இறங்கினேன். அங்கேயும் முட்டுக்கட்டை. கடையின் அனலிட்டிக்ஸ் முழுக்க முந்தைய டெவலப்பரின் சொந்தக் கூகுள் கணக்கில் இருந்தது. அவர் போனை எடுப்பதே இல்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அனலிட்டிக்ஸ் இல்லாமலும் வழி உண்டு. வூகாமர்ஸில் நேரம் கடந்து தானாக ரத்தான ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் ஒரு குறிப்பு இருக்கும்:

`Unpaid order cancelled - time limit reached.`

இந்தக் குறிப்பு உள்ளவற்றை எண்ணி அதையே கணக்காகக் காட்டிவிடாதீர்கள். உண்மையிலேயே பணம் கட்டாமல் போனவர்களும் அதில் கலந்திருப்பார்கள். கேட்வே டேஷ்போர்டில் வெற்றியான பேமென்ட்களின் சிஎஸ்வியை இறக்கி, ஆர்டர் எண்ணை வைத்து இரண்டையும் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்தியதில், சரிசெய்வதற்கு முந்தைய நான்கு வாரத்தில் பணம் வந்த 212 ஆர்டர்களில் 38 ரத்தாகியிருந்தன. நூற்றுக்குப் பதினெட்டு. பிந்தைய நான்கு வாரத்தில் 240-க்கு 2. அந்த இரண்டும் வங்கிப் பக்கம் வெகுநேரம் தாமதமாக உறுதியானவை.

விற்பனை கூடியதை நான் எழுதவே இல்லை. பிந்தைய நான்கு வாரம் தை மாதம். கல்யாண சீசனில் அப்பளம் எப்படியும் கூடுதலாகப் போகும், அதை என் கணக்கில் சேர்க்க முடியாது. விவரம் தெரிந்த கிளையன்ட் அங்கேதான் முதலில் கை வைப்பார். நூற்றுக்கு எத்தனை என்ற விகிதமோ சீசனோடு ஏறி இறங்காது.

அண்ணாச்சியை நேரில் பார்க்கச் செங்கோட்டை ரயிலில் போனேன். கடை பூட்டியிருந்தது, வீட்டில் எல்லாரும் அம்பாசமுத்திரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். முந்தின நாளே போனில் பேசி வைத்தும் இப்படி. எரிச்சலோடு திரும்பி, அடுத்த வாரம் மறுபடி போனேன்.

போனது வீணாகவில்லை. அண்ணாச்சியின் மகள் ஒரு நீள நோட்டை எடுத்து வந்து வைத்தார். தேதி, பெயர், போன் நம்பர், தொகை என்று கோடு போட்டு, 'பணம் போச்சு' என்று வந்த ஒவ்வொரு போனையும் எழுதியிருக்கிறார். வங்கிக் கணக்கில் தேடிக் கண்டுபிடித்ததும் சிவப்பு மையில் டிக். அதே நான்கு வாரத்துக்கு 41 வரி. என் கணக்கு 38. உட்கார்ந்து ஒப்பிட்டதில், மூன்று பேர் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள். அச்சாகப் பொருந்தியது. அந்தப் பக்கத்தை, பெயரும் நம்பரும் தெரியாதபடி மறைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். என் கேஸ் ஸ்டடியில் எல்லாரும் நின்று பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

அண்ணாச்சியிடம் "எழுதிக் கொடுங்க" என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டேன், அவர் பேசினார், நான் எழுதினேன். நான் வருவதற்கு முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது, என்னை வைத்துச் செய்வதற்கு ஏன் யோசித்தீர்கள், இப்போது என்ன வித்தியாசம். இவ்வளவுதான். யோசித்ததைக் கேட்கத் தயங்காதீர்கள். அடுத்த கிளையன்டுக்கும் அதே தயக்கம்தான் இருக்கும்.

"துட்டு போயிட்டுங்கான், அப்பளம் வரலங்கான், நான் எந்தக் கணக்குல போய்த் தேட? ராத்திரி சாப்புடும்போது போன் அடிச்சா எடுக்கவே பயமா இருந்துச்சு. முன்னாடி செஞ்ச ஆளும் இப்படித்தான் சரியாயிரும்னு சொன்னான், அதான் உன்னையும் நம்பல. இப்ப போன் வந்தா புது ஆர்டர்தான்."

அவர் பேசியதில் விஷயத்தோடு ஒட்டிய இந்த நாலு வாக்கியத்தை மட்டும் எடுத்து, அவர் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டினேன். அழகுபடுத்தவில்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு பயம் வந்தது. "விக்கிற கணக்கெல்லாம் வெளிய போடாத தம்பி, தெரு முழுக்க அப்பளக் கடைதான்." நியாயம்தானே. 212, 240 இரண்டையும் எடுத்துவிட்டு விகிதத்தையும் நோட்டில் இருந்த போன் எண்ணிக்கையையும் மட்டும் வைத்தேன். எடுத்துவிட்ட அந்த இரண்டு எண்களை இங்கே சொல்வதும் அவரிடம் கேட்டபிறகுதான், கடைப் பெயர் இல்லாமல். அப்புறம் வாட்ஸப்பில் முழு வாசகத்தையும் அனுப்பி, 'இதை என் வெப்சைட்டிலும் கொட்டேஷனிலும் கடைப் பெயரோடு போடலாமா, வேண்டாம் என்றால் எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவேன்' என்று கேட்டு, 'சரி' என்ற பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன். வாய்ச்சொல்லோடு விடாதீர்கள்.

கேஸ் ஸ்டடி ஒரே பக்கம். "பணம் கட்டியும் ரத்தான ஆர்டர்கள்: நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து ஒன்றுக்கும் கீழே" என்பது தலைப்பு. கடை யார், என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன மாற்றினேன், எண், அண்ணாச்சியின் வார்த்தை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதற்குத்தான் பாதி இடம் கொடுத்தேன். வெப்ஹூக் போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், கோளாறு எங்கே என்று தேடிப் பிடிப்பதற்குத்தான் கூடுதல் காசு.

அதைக் கொட்டேஷனோடு அனுப்பிய கோயம்புத்தூர் மசாலாக் கடைக்காரர் போனிலேயே "எங்ககிட்டயும் இதே நோட்டு இருக்குதுங்க" என்றார். வழக்கமாக இந்த அளவு வேலைக்கு 12,000 ரூபாய் கேட்பேன். அவரிடம் 45,000 சொன்னேன். பேரம் பேசவில்லை, பாதி முன்பணம் வந்துவிட்டது.

இப்போது கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: வேலை முடிந்து நான்கு வாரம் கழித்து அரை மணி நேரம் பேசுவோம், கிளையன்ட் ஒப்புதலோடு அதை வெளியிடுவேன். வேலை தொடங்கும் அன்றே பழைய ஆர்டர் சிஎஸ்வியையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். மசாலாக் கடைக்காரர் இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டார். அந்த ஏஜென்சியிடமும் புது வேலைக்கு இதே வரியைக் கேட்டேன், மறுத்தார்கள். அந்த வேலையை நான் எடுக்கவில்லை.