வயிற்றுக்கு நேரே வாய் பிளக்காத சட்டை

மாமாவுக்குச் சட்டை தைப்பதென்றால் பொத்தான் வரிசையில் இருந்துதான் தொடங்க வேண்டும். கடையில் வாங்கும் சட்டைகள் அவர் நிற்கும்போது ஒழுங்காக இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவது பொத்தானுக்கும் நடுவே துணி மீன் வாய்போலத் திறக்கும். பரந்தனில் இருந்து கிளிநொச்சி வரும்வரை ஏ9 வீதிக் காற்று அந்த வாயால் உள்ளே புகுந்து கொண்டே இருக்கும். சட்டை அவருக்குச் சின்னது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அளந்து பார்த்தேன்: உட்கார்ந்த நிலையிலும் வயிற்றைச் சுற்றி ஏழு சென்டிமீட்டர் தளர்வு இருந்தது. ஆகவே குறை அளவில் இல்லை. இழுவை விழும் இடத்தில் பொத்தான் இல்லை.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பக்கத்து வீட்டு அக்காவிடம் அந்தச் சட்டையைக் காட்டினேன். "பிள்ளை, கழுத்தில் இருந்து கணக்குப் பார்த்துக் கீழே வராதே. எங்கே இழுக்கிறதோ அங்கே முதல் தெறியை வை, மற்றதெல்லாம் அதிலிருந்து பிரி" என்றார். புதிய சட்டைக்கு இதைத்தான் செய்தேன். பொத்தானும் துளையும் வரும் முன்பக்கப் பட்டிகளை மடித்து, கொலரைப் பொருத்தி, பக்கத் தையல்களும் முடிந்த நிலையில் மாமாவைக் கதிரையில் உட்காரவைத்து முன்பக்கத்தைக் குண்டூசிகளால் மூடினேன். துணி குறுக்காக அதிகம் இறுகிய இடம், கொலர்ப் பொத்தான் வரவேண்டிய புள்ளியில் இருந்து 31 சென்டிமீட்டர் கீழே இருந்தது. அங்கே சோக்கால் ஒரு கோடு. கொலருக்குக் கீழே முதல் பொத்தானை 7 சென்டிமீட்டரில் வைத்தேன். இந்த இரண்டுக்கும் இடையில் மிஞ்சுவது 24, அதை மூன்றாகப் பிரித்தால் எட்டு எட்டாக வருகிறது. எனவே 7, 15, 23, 31. அதே இடைவெளியில் கீழே 39, 47, 55. வழக்கமாக ஒன்பது சென்டிமீட்டர் அளவில் விடுவார்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் குறைந்ததால் ஒரு பொத்தான் கூடியது. பரவாயில்லை, பொத்தான் மலிவுதான்.

மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டியின் சரி நடுவில், விளிம்பில் இருந்து 1.5 சென்டிமீட்டரில், மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்து கொண்டேன். இரண்டு பக்கத்திலும் இந்தக் கோடு வேண்டும். மூடும்போது ஒன்றின் மேல் ஒன்று அமர வேண்டியது கோடுதான், விளிம்பு அல்ல. ஆண்கள் சட்டை என்பதால் துளைகள் இடப் பக்கத்தில், பொத்தான்கள் வலப் பக்கத்தில். இரண்டு பட்டிக்குள்ளும் சூட்டில் ஒட்டும் மெல்லிய கன்வஸை மின்னழுத்தியால் ஒட்டியிருந்தேன். பொத்தான் பக்கத்துக்கு அது எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நாளடைவில் பொத்தான் துணியையும் பிய்த்துக் கொண்டு வருவது அந்தப் பக்கத்தில்தான்.

துளை நெடுக்காகவா, குறுக்காகவா என்பதில்தான் மாமா என்னை மடக்கினார். இழுவை குறுக்காக வருகிறது. நெடுக்குத் துளையைப் பக்கவாட்டில் இழுத்தால் அது அகன்று, பொத்தான் சரிந்து வெளியே வரப் பார்க்கும். குறுக்குத் துளையில் பொத்தான் ஓரத்துக்கு ஓடி முனைத் தையலில் முட்டி நின்றுவிடும். "அப்படியென்றால் எல்லாத் துளையையும் குறுக்காகவே போடலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று சென்டிமீட்டர்ப் பட்டியில் 15 மில்லிமீட்டர்த் துளையைக் குறுக்கே போட்டால் அது உள் ஓரத் தையலுக்கு மூன்று மில்லிமீட்டர் அருகே போய் நிற்கும். அதோடு, ஒரு பொத்தான் இரண்டு மில்லிமீட்டர் மேலே கீழே போனால்கூடக் குறுக்குத் துளை விட்டுக்கொடுக்காது. பட்டி சுருங்கிக் காட்டும். நெடுக்குத் துளை அந்தப் பிசகை விழுங்கிவிடும். ஆகவே முன்பக்கம் முழுவதும் நெடுக்கு. கழுத்து இழுக்கும் கொலர்ப் பட்டியில் மட்டும் குறுக்கு. அதை நடுக்கோட்டில் இருந்து மூன்று மில்லிமீட்டர் விளிம்புப் பக்கம் தள்ளித் தொடங்கினேன்.

நெடுக்குத் துளை பொத்தானை விடாமல் பிடிக்க வேண்டுமானால் நீளம் சரியாக இருக்க வேண்டும். பொத்தானின் விட்டத்தோடு அதன் தடிப்பையும் கூட்ட வேண்டும் என்பது கணக்கு. என்னிடம் இருந்தது 11.5 மில்லிமீட்டர் விட்டம், மூன்று மில்லிமீட்டர் தடிப்பு, கூட்டினால் 14.5. அதே துணியை அதே மடிப்போடும் கன்வஸோடும் எடுத்து 14, 15, 16 என்று தைத்து வெட்டிப் பார்த்தேன். பதினான்கில் பொத்தானை நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. பதினாறில் சும்மா சுண்டியதும் கழன்றது. பதினைந்தில் விளிம்பைக் கொஞ்சம் உரசிக்கொண்டு நுழைந்து, இழுத்தால் நின்றது.

என் மெசினில் துளை நான்கு கட்டமாகத் தைக்கப்படும்: துளையின் ஒரு பக்க நீளத்துக்கு ஒரு கால், முனையை அடைக்க ஒரு முனைக்கட்டு, பிறகு மறு கால், மறு முனைக்கட்டு. தையல் நீளத் திருகியைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் வைத்து, துணியின் இழை கண்ணுக்குத் தெரியாமல் மறையும் அளவுக்கு மட்டும் நெருக்கினேன். அதற்கு மேல் நெருக்கினால் நூல் ஒரே இடத்தில் குவிந்து, துணியை அழுத்தும் பாதம் நகராது. ஒரு கால் அடர்த்தியாகவும் மற்றது ஐதாகவும் வந்தது. ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் தைக்கப்படுவதால் வரும் வித்தியாசம் இது. மெசினில் இதற்கென்றே உள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பியதும் இரண்டும் சமமாகின. பொபின் நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்ததால் மேல் நூலின் இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்தினேன்.

வெட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். முனைக்கட்டுக்கு உட்புறமாக ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்தி, தையல் பிரிக்கும் கத்தியால் நடுவில் இருந்து ஊசிவரை கீறி, மற்ற முனைக்கும் அப்படியே செய்வேன். கத்தி வழுக்கினாலும் ஊசியில் முட்டி நின்றுவிடும். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடமில்லை. கத்தி தையலில் பட்டிருந்தால், வெட்டிய பின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது அறுந்த தையல் நூல் மயிர்போல நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே கையால் இரண்டு தையல் போட்டுவிட்டால் துளை அவிழாது.

பொத்தானுக்கு இடம் குறிப்பது துளைகளை வெட்டிய பிறகுதான். முன்பக்கத்தை மேசையில் மூடிப் பரப்பி, ஒவ்வொரு நெடுக்குத் துளையின் நடுவிலும் பென்சில் முனையை இறக்கிப் புள்ளி வைத்தேன். கொலரில் மட்டும் துளையின் வெளி முனையில் இருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே. பொத்தானைத் துணியோடு ஒட்டி இறுக்கித் தைக்காமல், மேலே ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேலாக நூலை ஓட்டி, பிறகு குச்சியை உருவிவிட்டு அடியில் நூலைச் சுற்றிக் கட்டினேன். துளைப் பட்டியின் தடிப்பு போய் அமர அந்தச் சிறு தண்டு இடம் கொடுக்கிறது. தண்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு பொத்தானைச் சுற்றியும் துணி குழியும்.

மாமா அணிந்துகொண்டு உட்கார்ந்தார், குனிந்தார், மோட்டார் சைக்கிளில் சந்திவரை போய் வந்தார். 31இல் உள்ள பொத்தான் இழுவையை வாங்கிக்கொள்கிறது, அதன் மேலும் கீழும் பட்டி தட்டையாகவே கிடக்கிறது. அவருக்கு வயிறு இன்னும் வைத்துத் தளர்வு போய்விட்டால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது பக்கத் தையலில்தான் துணி விட வேண்டும். கொலர்த் துளை மட்டும் எனக்கு இன்னும் திருப்தியில்லை. அங்கே துணி அடுக்குகள் ஒரு பக்கம் தடிப்பாக இருப்பதால் பாதம் சரிந்து ஒரு கால் வளைந்திருக்கிறது. அடுத்த சட்டையில் பாதத்தின் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் அதே தடிப்பில் மடித்த துண்டுத் துணியை வைத்துத் தைத்துப் பார்க்கப் போகிறேன்.